நாட்குறிப்பிலிருந்து குறுங்கவிதை: படிமம் தேர்வதும் வரி உடைப்பதும்

நாட்குறிப்பில் ஒரு நாள் முழுக்க இருக்கும். குறுங்கவிதைக்கு அந்த நாளில் இரண்டு நிமிடம் போதும். எந்த இரண்டு நிமிடம் என்று கண்டுபிடிப்பது பாதி வேலை. அதை எந்தச் சொல்லில் நிறுத்தி, எந்தச் சொல்லில் தொடர்வது என்பது மீதி. புதிதாக எழுதுபவர்கள் பெரும்பாலும் இரண்டாவதிலிருந்து தொடங்குகிறார்கள். குறிப்பை அப்படியே எடுத்து, மூன்று சொல்லுக்கு ஒருமுறை வரியை மடக்கிவிட்டு, ஏன் கவிதையாகவில்லை என்று யோசிக்கிறார்கள். ஆகவே இங்கே சொல்லும் வரிசையை மாற்றாமல் செய்து பாருங்கள்.

1. குறிப்பைத் தேர்ந்தெடுங்கள்

ஒரே நாளைப் பற்றிய, 50 முதல் 150 சொல்லுக்குள் அடங்கும் குறிப்பு வேண்டும். எழுதி ஒரு வாரமாவது ஆகியிருக்க வேண்டும். நேற்று எழுதியதை எடுத்தால், தாளில் இல்லாததையும் மனம் சேர்த்தே படிக்கும். எழுத்தில் எது வந்திருக்கிறது, தலைக்குள்ளேயே எது தங்கிவிட்டது என்று பிரித்துப் பார்க்க முடியாது.

அடுத்த சோதனை: குறிப்பில் கண்ணுக்கோ காதுக்கோ எட்டிய விஷயம் குறைந்தது மூன்று இருக்கிறதா? “இன்று மனசே சரியில்லை, யாருக்கும் என்னைப் புரியவில்லை” என்று மட்டும் இருந்தால் அதிலிருந்து கவிதை எடுக்க முடியாது. எடுக்க உள்ளே பொருளே இல்லை. அப்படிப்பட்ட குறிப்புதான் வேண்டுமென்றால், முதலில் பத்து நிமிடம் உட்கார்ந்து அந்த நாளில் கைக்கு அருகில் என்ன இருந்தது, யார் என்ன சொன்னார்கள் என்று நினைவிலிருந்து சேர்த்து எழுதுங்கள். பிறகு தொடங்கலாம்.

மூலக் குறிப்பில் கைவைக்காதீர்கள். வேறொரு தாளில் வரிக்கு வரி இடம் விட்டுப் படியெடுத்துக்கொள்ளுங்கள். அடிப்பதும் திருத்துவதும் அந்தப் படியில்தான்.

இந்த வழிகாட்டி முழுவதற்கும் கீழே உள்ள மாதிரிக் குறிப்பையே பயன்படுத்துவோம். மொத்தம் 68 சொல்.

> இன்று ஒருவழியாக அப்பாவுக்குக் காது மெஷின் வாங்கியாயிற்று. காலையிலிருந்து அலைச்சல், மதியம் வரை காத்திருப்பு. வீட்டுக்கு வந்ததும் அப்பா கூடத்தில் நின்றுகொண்டு “என்னடா சத்தம்?” என்றார். மின்விசிறி என்றேன். “இத்தனை நாளும் இப்படித்தான் சுத்துச்சா?” என்றார். எனக்கு மனசு கனத்துவிட்டது. இத்தனை வருஷம் எவ்வளவு தனிமையில் இருந்திருப்பார்! சாப்பிடும்போது தட்டில் கரண்டி விழுந்த சத்தத்துக்குத் திடுக்கிட்டார். இரவு தம்பியுடன் பணம் பற்றி மறுபடி வாக்குவாதம். திரும்பிப் பார்த்தால் அப்பா மெஷினைக் கழற்றிச் சின்னப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார். ரொம்ப சங்கடமாகப் போய்விட்டது. இனிமேல் அவர் முன்னால் பார்த்துப் பேச வேண்டும். நாளை மின்கட்டணம் கட்ட மறக்கக் கூடாது.

2. மூன்று விதமாகக் குறியிடுங்கள்

பென்சிலை எடுத்து, பார்த்ததும் கேட்டதும் தொட்டதும் எங்கெங்கே வருகின்றனவோ அங்கெல்லாம் அடிக்கோடிடுங்கள். மனம் சொன்ன கருத்தைச் சுற்றி அடைப்புக்குறி போடுங்கள். வெறும் தகவலையும் வேலைக் குறிப்பையும் ஒரே கோட்டில் அடித்துவிடுங்கள்.

மாதிரியில் அடிபடுபவை: வாங்கியது, அலைச்சல், காத்திருப்பு, மின்கட்டணம். அடைப்புக்குள் போகிறவை: மனசு கனத்தது, தனிமை, சங்கடம், பார்த்துப் பேச வேண்டும் என்ற முடிவு. அடிக்கோட்டில் மிஞ்சுபவை நான்கு: மின்விசிறிச் சத்தத்தைப் பற்றிய கேள்வி, அதற்கடுத்த கேள்வி, கரண்டிக்குத் திடுக்கிட்டது, மெஷினைக் கழற்றிப் பெட்டியில் வைத்தது.

“வாக்குவாதம்” என்ற சொல்லில் பலர் ஏமாந்துபோகிறார்கள். நடந்த சம்பவம்தானே என்று அடிக்கோடு போட்டுவிடுவார்கள். அது சம்பவத்துக்கு நாம் வைத்த பெயர். அந்த நேரத்தில் காதில் விழுந்தது உயர்ந்த குரல். அதன் மேல் சிறியதாக ஒரு கேள்விக்குறி போட்டுவையுங்கள். நான்காம் படியில் அதற்கு வருவோம். “சண்டை”, “பாசம்”, “கலாட்டா”, “சந்தோஷம்” எல்லாம் இந்த இனம்தான்.

3. படிமங்களை இரண்டாகக் குறையுங்கள்

அடிக்கோட்டில் நிற்கும் எல்லாவற்றையும் கவிதைக்குள் கொண்டுவந்தால் அது பட்டியலாகிவிடும். பத்துப் பன்னிரண்டு வரி இரண்டு படிமத்தைத்தான் தாங்கும். மூன்றாவது வந்தாலே முதலாவது மங்கத் தொடங்கும்.

எதை வைப்பது என்று தெரிந்துகொள்ள, ஒவ்வொன்றுக்கும் எதிரே அது என்ன வேலை செய்கிறது என்று நாலு சொல்லில் எழுதுங்கள். மாதிரியில் இப்படி வரும்: முதல் கேள்வி, உலகம் திரும்பக் கேட்கிறது. இரண்டாம் கேள்வி, இழந்த காலத்தின் அளவு. கரண்டி, உலகம் திரும்பக் கேட்கிறது. கழற்றுவது, கேட்க வேண்டாம் என்று முடிவெடுக்கிறார்.

எழுதியதும் தெரிகிறது: கரண்டியும் முதல் கேள்வியும் ஒரே வேலையைச் செய்கின்றன. இரண்டில் ஒன்று போக வேண்டும். கரண்டி நல்ல காட்சிதான், ஆனால் அதோடு நின்றுவிடுகிறது. மின்விசிறியோ இரண்டாம் கேள்விக்கு வழிவிடுகிறது. போதாக்குறைக்கு, இரவிலும் அது சுற்றிக்கொண்டேதான் இருக்கும். அதாவது கவிதையின் முடிவிலும் கைக்கு எட்டும் பொருள் அது. ஒரு முறை மட்டும் பயன்படும் பொருளையும் திரும்ப வரக்கூடிய பொருளையும் எதிரெதிரே வைத்தால், திரும்ப வருவதையே எடுங்கள்.

ஆக மிஞ்சுவது மின்விசிறி உரையாடலும் மெஷின் பெட்டியும். இவை ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் இழுக்கின்றன: கேட்க ஆரம்பித்தவர், கேட்பதை நிறுத்துகிறார். ஜோடிப் படிமத்துக்கு இந்த இழுபறி அவசியம். ஒரே திசையில் போகும் இரண்டு படிமத்தை அடுத்தடுத்து வைத்தால் இரண்டாவது எதிரொலியாகத்தான் நிற்கும்.

இந்தக் கட்டத்தில் உவமை தேடத் தோன்றும். “சிறகொடிந்த பறவை போல அப்பா” என்று ஒன்று மனதில் வந்து நிற்கும். வேண்டாம். அந்த வீட்டில் பறவை இல்லை, மின்விசிறி இருக்கிறது. உள்ளே இருக்கும் பொருளே வேலையைச் செய்யும்போது வெளியிலிருந்து ஒன்றைக் கூட்டிவந்தால் வாசகர் கண் இரண்டுக்கும் நடுவே அலையும். கருப்பொருளைக் காட்டி உரிப்பொருளை உணரவைப்பது நம் அகப்பாட்டுகளுக்குப் பழகிய வழிதானே. இங்கே செய்வதும் அதே வேலை, அளவில் சிறியது.

அடைப்புக்குள் போட்ட உணர்ச்சி வரிகளை ஒரு மூலையில் எழுதிவையுங்கள். அவை கவிதைக்குள் வராது. கடைசியில் சோதிக்கப் பயன்படும்.

4. வரி உடைக்காமல் ஒரு பத்தியாக எழுதுங்கள்

தேர்ந்த இரண்டு படிமங்களை மட்டும் வைத்து, 30 சொல்லுக்குள் தொடர்ச்சியான உரைநடையாக எழுதுங்கள். சொல் சரியில்லாத இடத்தில் வரியை உடைத்தால், அந்தத் தவறான சொல்லுக்கு மேடை போட்டுக் கொடுத்ததாகிவிடும். அதனால் முதலில் சொல்.

மாதிரி: *“என்னடா சத்தம்?” என்றார் அப்பா. மின்விசிறி என்றேன். “இத்தனை நாளும் இப்படித்தான் சுத்துச்சா?” என்றார். இரவு நானும் தம்பியும் வாக்குவாதம் செய்தபோது அப்பா மெஷினைக் கழற்றிச் சின்னப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார்.*

இதில் இப்போது என்னவெல்லாம் மாற வேண்டும்?

வினைமுற்றுகளைப் பாருங்கள். என்றார், என்றேன், என்றார், கொண்டிருந்தார். நாட்குறிப்பு இயல்பாகவே ஆர், ஏன் என்று முடிந்துகொண்டே போகும். பத்தியில் உறுத்தாது. வரி முடிவில் வந்தால் நாம் கேட்காத இயைபு ஒன்று கிளம்பி, விளையாட்டுப் பாட்டுப்போல் ஒலிக்கும். ஆகவே தேவையற்ற “என்றார்”களை நீக்குங்கள். மேற்கோள் குறியே யாரோ பேசுகிறார்கள் என்று சொல்லிவிடும், “டா” என்ற விளி யார் யாரிடம் பேசுகிறார் என்பதையும் சொல்லிவிடும்.

அடுத்து துணைவினை. “வைத்துக்கொண்டிருந்தார்” என்பதில் வைத்தல் நான்கில் ஒரு பங்குதான். “கனத்துவிட்டது”, “போய்விட்டது” போன்றவையும் பேச்சுக்கு அழகு, பத்து வரிக்குப் பாரம். “வைக்கிறார்” போதும். நிகழ்காலத்துக்கு மாற்றியதில் இன்னொரு லாபமும் உண்டு: நினைவுகூர்பவரின் குரல் விலகி, செயல் மட்டும் கண்முன் நிற்கிறது. ஆனால் எல்லாக் கவிதைக்கும் நிகழ்காலம் பொருந்தாது. முடிந்துபோனது என்பதே விஷயமாக இருந்தால் இறந்தகாலத்திலேயே விடுங்கள்.

“மின்விசிறி” என்று வீட்டில் யாரும் வாய்திறந்து சொல்வதில்லை. பேச்சுக்குப் பதிலாக வரும் இடத்தில் “ஃபேன்”தான். அப்பா பேச்சுத்தமிழில் கேட்க, மகன் பாடப்புத்தகத் தமிழில் பதில் சொன்னால் அந்த அறையே பொய்யாகிவிடும். எடுத்துரைப்பு எழுத்துத்தமிழில் இருக்கலாம், உரையாடல் வாயில் வந்தபடியே இருக்கட்டும். இரண்டையும் ஒரே வாக்கியத்துக்குள் கலப்பதுதான் தவறு.

பணம் பற்றிய சண்டை என்ற தகவல் வேண்டாம். எதற்குச் சண்டை என்று தெரிந்தால் வாசகர் யார் பக்கம் நியாயம் என்று யோசிக்கப் போய்விடுவார். கேள்விக்குறி போட்ட “வாக்குவாதம்” இங்கேதான் மாறுகிறது: *என் குரலும் தம்பி குரலும் உயர*. இந்தக் கவிதை முழுக்கக் காது வழியே நடக்கிறது, அதனால் குரல். “செய்தபோது” என்பதை “உயர” என்று எச்சமாக்கியதில் நேரம், காரணம் இரண்டும் அதற்குள் அடங்கின. “அதனால் கழற்றினார்” என்று நாம் சொல்லவில்லை, ஆனால் வாசகருக்கு அப்படித் தோன்ற இடம் இருக்கிறது.

5. வரிகளை உடையுங்கள்

தமிழில் வரி உடைப்பதற்கென்று சில இடங்கள் தாமாகவே அமைந்திருக்கின்றன. அவற்றைத் தெரிந்துகொண்டால் ஊகிக்க வேண்டியதில்லை.

வினைமுற்றுக்குப் பின் உடைத்தால் குரல் நிற்கும், வாசகர் மூச்சுவிடுவார். எச்சத்துக்குப் பின் உடைத்தால் வாக்கியம் முடியாமல் தொங்கும், கண் கீழே தேடி இறங்கும். எச்சம் என்ற பெயருக்கே மிச்சம் என்றுதானே பொருள். எல்லா வரியும் முற்றில் முடிந்தால் படிக்கட்டில் தடதடவென்று இறங்குவதுபோல் இருக்கும். எல்லாம் எச்சத்தில் முடிந்தால் எங்கே மூச்சுவிடுவது என்று தெரியாது. ஒரு பத்திக்குள் ஒரு தொங்கல், ஒரு நிறுத்தம் என்று கலந்து வைத்தால் பெரும்பாலும் சரியாக வரும்.

தவறான உடைப்பு எப்படி இருக்கும் என்று பாருங்கள்:

> அப்பா மெஷினைக்
> கழற்றிச் சின்னப்
> பெட்டியில் வைத்துக்
> கொண்டிருந்தார்

முதல் மூன்று வரியும் ஒற்றெழுத்தில் முடிகின்றன: க், ப், க். வல்லின ஒற்று மிகுவதே அடுத்த சொல்லோடு ஒட்டிக்கொள்வதற்காகத்தான். கண் வரி முடிவில் நிற்கிறது, நாக்கோ அடுத்த வரிக்குப் போய்விட்டது. இரண்டும் ஒத்துப்போகாததால் தடுக்குகிறது. கூடவே “சின்ன” என்ற அடை தன் பெயரைவிட்டுப் பிரிந்திருக்கிறது, துணைவினை தன் வினையைவிட்டுப் பிரிந்து தனிவரியாகி, எதற்கும் உதவாத “கொண்டிருந்தார்” மேடையேறி நிற்கிறது.

இதைச் சரிசெய்ய இரண்டு முடிவுகள். ஒன்று, வரி முடிவில் உண்மையிலேயே நிறுத்த நினைத்தால் அங்கே ஒற்றை விட்டுவிடுங்கள்: “கழற்றி”, அடுத்த வரியில் “பெட்டிக்குள்”. நிற்காமல் உருண்டு போக வேண்டுமென்றால் “கழற்றிப்” என்று ஒற்றை வைத்துக்கொள்ளலாம். எதுவானாலும் கவிதை முழுக்க ஒரே முறையைப் பின்பற்றுங்கள். வரிக்குள்ளே வரும் ஒற்றை விடக் கூடாது. அது பிழையாகவே படும். இரண்டாவது, “பற்றி”, “வரை”, “என்று” போன்ற சொற்களில் வரியைத் தொடங்காதீர்கள். அவை முன்சொல்லின் மேல் சாய்ந்தே நிற்பவை, தனியே விட்டால் நொண்டும்.

ஒற்றைச் சொல்வரி பெரிய ஆயுதம். ஒரு முழு வரி பெறும் கவனத்தை ஒரே சொல் பெற்றுவிடும். அதனாலேயே மூன்று நான்குக்கு மேல் தாங்காது. தனித்து நிற்கும் சொல் காதில் விழுவதாகவோ கண்ணில் படுவதாகவோ இருக்கட்டும். “தனிமை”யைத் தனி வரியில் வைப்பது அடிக்கடி காணும் பிழை. அந்தச் சொல் ஏற்கெனவே சத்தமாகத்தான் பேசுகிறது.

வெற்று வரி என்பது நேரம். மதியத்திலிருந்து இரவுக்குப் போக “பிறகு”, “அன்று மாலை” எதுவும் வேண்டாம். ஒரு வரி இடம் விட்டு “இரவு,” என்றால் போதும்.

இவற்றையெல்லாம் வைத்து மாதிரி இப்படி வருகிறது:

> காது மெஷின், முதல் நாள்
>
> “என்னடா சத்தம்?”
>
> ஃபேன்.
>
> “இத்தனை நாளும்
> இப்படித்தான் சுத்துச்சா?”
>
> இரவு,
> என் குரலும்
> தம்பி குரலும் உயர
>
> அப்பா மெஷினைக் கழற்றி
> பெட்டிக்குள் வைக்கிறார்.
>
> ஃபேன்
> சுற்றுகிறது.

தலைப்பை விட்டு 20 சொல், 11 வரி. “உயர” என்ற எச்சத்துக்குப் பிறகு வெற்று வரியே விட்டிருக்கிறது. குரல் உச்சத்தில் நிற்கும்போது ஒரு மௌனம் விழுகிறது, அதற்குப் பிறகுதான் அப்பா அசைகிறார். “இத்தனை நாளும்” என்பதற்குப் பின் உடைத்தது, நாட்களின் நீளத்தை ஒரு நொடியாவது நிற்கவைக்க. “அப்பா மெஷினைக் கழற்றி” இதில் நீளமான வரிகளில் ஒன்று. கை செய்யும் வேலை நிதானமானது, அதை நறுக்க வேண்டாம்.

6. முடிவும் தலைப்பும்

கடைசி இரண்டு வரிக்கு மூன்று மாற்றுகளாவது எழுதிப் பாருங்கள். முதலில் வருவது பெரும்பாலும் விளக்கம். மாதிரிக்கு முதலில் வரக்கூடியது “எத்தனை வருடத் தனிமை”. இது அடைப்புக்குள் போட்ட வரி, வேறு வேடத்தில் திரும்ப வந்திருக்கிறது. அடுத்து வருவது பெரும்பாலும் சாமர்த்தியம்: “மூடுகிறார், சத்தமில்லாமல்”. சத்தம் என்று தொடங்கிச் சத்தமில்லாமல் என்று முடிப்பது கச்சிதமாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்த வாசகர் சட்டென்று எழுதியவரைத் திரும்பிப் பார்ப்பார். மூன்றாவது, ஏற்கெனவே கவிதையில் இருக்கும் பொருளுக்குத் திரும்புவது. ஃபேன் சுற்றுகிறது. அது அவருக்குக் கேட்காது என்பதை வாசகர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

தலைப்பைக் கடைசியில் வையுங்கள். கவிதைக்குள் சொல்ல முடியாத தகவல் எது என்று அப்போதுதான் தெரியும். இங்கே தலைப்பு இல்லாவிட்டால் மெஷின் என்பது தையல் மெஷினாகவும் இருக்கலாம், முதல் கேள்வியின் பின்னணியும் புரியாது. “அப்பா” என்றோ “மௌனம்” என்றோ வைத்தால் அந்தத் தகவலைத் தர வேண்டிய பாரம் மறுபடி உள்ளே வந்துவிடும்.

7. மூன்று சோதனைகள்

கவிதையை மறுபடி ஒரே பத்தியாக எழுதிப் படியுங்கள். எதுவும் குறையவில்லை என்றால் வரி உடைப்பு இதுவரை வேலை செய்யவில்லை, ஐந்தாம் படிக்குத் திரும்புங்கள். மாதிரியைப் பத்தியாக்கினால் “உயர”வுக்குப் பின் இருந்த மௌனம் காணாமல்போகிறது. ஆகவே அந்த உடைப்பு சரி.

வாய்விட்டுப் படியுங்கள். ஒவ்வொரு வரி முடிவிலும் கால் நொடி நில்லுங்கள். நிற்க முடியாமல் ஓடும் இடத்தில் ஒற்றோ அடையோ மாட்டியிருக்கும். மூன்று புள்ளிகளும் ஆச்சரியக்குறிகளும் இருந்தால் அவற்றை எடுத்துவிட்டு மறுபடி படித்துப் பாருங்கள். பெரும்பாலும் அவை வரி உடைப்பு செய்யத் தவறிய வேலையைக் குறியை வைத்துச் செய்யப் பார்த்த இடங்கள்.

கடைசியாக, மூலையில் எழுதிவைத்த உணர்ச்சி வரிகளை எடுங்கள். குறிப்பைப் படிக்காத ஒருவரிடம் கவிதையை மட்டும் காட்டி, என்ன தோன்றுகிறது என்று கேளுங்கள். “தனிமை”, “சங்கடம்” இரண்டில் ஒன்றின் பக்கத்திலாவது அவர் வந்தால் சரி. அதே சொல் வர வேண்டியதில்லை. “அப்பாவுக்குக் கோபமோ?” என்று கேட்டாலும் பிழையில்லை, அந்த வாசிப்புக்கும் இடமிருக்கிறது. “என்ன நடந்தது என்றே புரியவில்லை” என்றால் மட்டும் தலைப்பையோ முதல் வரியையோ திருத்துங்கள். அந்த நேரத்தில் உணர்ச்சிச் சொல்லை உள்ளே சேர்க்கக் கை பரபரக்கும். புரியாததற்குக் காரணம் பெரும்பாலும் விடுபட்ட ஒரு பொருளாக இருக்கும். அதைத் தேடிச் சேருங்கள்.

நான்கைந்து திருத்தத்துக்குப் பிறகும் ஒரே சொல்லைப் போடுவதும் எடுப்பதுமாக இருந்தால், நிறுத்திவிட்டு நான்கு நாள் கழித்துப் பாருங்கள். வெளியேற்றிய கரண்டியை அடித்துவிட வேண்டாம். மூலக் குறிப்பில் அதன் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள். திடுக்கிட்ட அந்த முகத்தோடு ஒத்துப்போகும் இன்னொரு குறிப்பு எப்போதாவது வரும்.